இரட்டைக் கிலோமீட்டரில மட்டும் இளைக்கிற கொண்டக்டர்

விடியக் கல்முனையில இருந்து வெளிக்கிட்டு மட்டக்களப்புக்கு வாற ஒரு பஸ்ஸில நான் கன காலமா வேலைக்குப் போய் வாறன். அந்த பஸ் கொண்டக்டர் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பழகின கதை இப்ப பஸ்ஸுக்குள்ள ஒரு பகிடியா மாறிட்டு. களுவாஞ்சிகுடியில ஏறுற ஒருத்தர் சொல்லத் தொடங்கினா காத்தான்குடி வரைக்கும் ஆள்மாறி ஆள் சொல்லிச் சிரிக்கிறாங்க. காசுக் கணக்கில ஒரு ரூபாய் பிழைக்காதவன் நிமிசக் கணக்கில கவுந்திட்டானாம், அதுதான் பகிடி. எனக்கு இந்தச் சிரிப்பு ஒத்துவரல. ஏனெண்டா அவனுக்குக் கணக்குத் தெரியாம இது நடக்கல, ரெண்டு விதமான கணக்கு நல்லாத் தெரிஞ்சதாலதான் நடந்தது. ரெண்டும் ஒரே புள்ளிய வச்சு எழுதுற கணக்கு. அதை பஸ்ஸுக்குள்ள சொல்லி விளங்கப்படுத்த ஏலாது, ஹோல்ட் வந்திடும், அதான் இஞ்ச எழுதுறன்.

ஆளைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நாப்பது தாண்டின ஆள், நாள் முழுக்க நிண்ட நிலையில வேலை, கெண்டைக்கால் ரெண்டும் இரும்பு மாதிரி, ஆனா வயிறு வேற கதை. சீனி கொஞ்சம் கூடிட்டு எண்டு டொக்டர் சொன்ன பிறகு நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமா மாறி, லீவு நாளில விடியக்காலம என்னோட சேந்து ஓட வந்தான். முதல்ல ரெண்டு நிமிசம் ஓடி ரெண்டு நிமிசம் நடந்து, பிறகு அஞ்சு நிமிசம் ஓடி ஒரு நிமிசம் நடந்து, இப்படியே போய் ஒரு கட்டத்தில நிக்காம அஞ்சு கிலோமீட்டர் போகக்கூடியதா வந்திட்டு. அந்த நேரம்தான் கல்லடியில ஒரு விளையாட்டுக் கழகம் 10 கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறாங்க எண்டு நோட்டீஸ் வந்தது.

அதைப் பாத்து டிரைவர் அண்ணன் ஒரு பந்தயம் கட்டினார். பஸ் கல்முனையில 5.45க்கு வெளிக்கிட்டு மட்டக்களப்பு ஸ்டாண்டுக்கு 6.50க்கு வந்து சேரணும், அதுதான் டைம் டேபிள். "நான் இந்த பஸ்ஸக் கொண்டுவந்து சேர்க்கிற நேரத்துக்குள்ள நீ பத்துக் கிலோமீட்டர ஓடி முடி பாப்பம், முடிச்சா காத்தான்குடியில புரியாணி என்ட செலவு, முடிக்காட்டி உன்ட செலவு" எண்டார். இவன் யோசிக்கவே இல்ல, 6.50ல 5.45 போனா 1.05, ஒரு மணித்தியாலமும் அஞ்சு நிமிசமும், 65 நிமிசம், சரி எண்டு கையடிச்சான். கவனிச்சீங்களா, அந்தக் கழித்தலை அவன் காசு கழிக்கிற மாதிரியே கழிச்சான், விடையும் சரியாத்தான் வந்தது. ஐம்பதில நாப்பத்தஞ்சு போறதுக்குக் கடன் வாங்கத் தேவையில்ல, அதால பிழைக்கவும் வழியில்ல. இப்படிச் சரியா வாற இடங்கள்தான் பிறகு ஆளைக் கவுக்கிறது.

பத்தால பிரிச்ச கதை

65 நிமிசத்தில 10 கிலோமீட்டர் எண்டா ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு? போன எடுத்தான், கல்குலேட்டர்ல 65ஐ 10ஆல பிரிச்சான், 6.5 எண்டு காட்டினது. டிக்கட் புத்தகத்துப் பின்மட்டையில 6.50 எண்டு எழுதினான். காசெண்டா அப்படித்தானே எழுதுறது. பிறகு கையில கட்டியிருந்த மணிக்கூட்டில ஸ்டொப் வோட்ச்ச அமத்தி, முதல் கிலோமீட்டர் கட்டையில 6:50 வாற மாதிரி ஓடிப் பழகினான். ஆறரை நிமிசம் எண்டு வாயால ஒருக்காச் சொல்லிப் பாத்திருந்தா அந்த இடத்திலயே முடிஞ்சிருக்கும். ஆனா தனியா போனத் தட்டுற ஆக்கள் வாயால சொல்றதில்லயே.

6.5 நிமிசம் எண்டா 6 நிமிசம் 30 செக்கன். புள்ளிக்குப் பின்னால இருக்கிற 5, ஒரு நிமிசத்தை பத்தாப் பிரிச்சதில அஞ்சு பங்கு, ஒரு பங்கு 6 செக்கன், அஞ்சாறு முப்பது. அவன் அதை 50 செக்கனா எடுத்தான். 20 செக்கன் வித்தியாசம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும் எண்டு நீங்க நினைப்பீங்க. அப்ப இதைக் கேளுங்க. ஒருத்தன் வருசக்கணக்கா 6.50 எண்டு எழுதினா ஆறு மணி ஐம்பது நிமிசம் எண்டு வாசிச்சுக்கொண்டு வேலை செய்யிறான். டைம் டேபிள் போர்டில, ஸ்டாண்டில டைம் கீப்பர்ட கொப்பியில, பஸ் கண்ணாடியில ஒட்டின தாளில, எங்கட நாட்டில மணிக்கும் நிமிசத்துக்கும் நடுவுல புள்ளிதான் போடுறது. அது அறுபதாம் புள்ளி. அதே ஆள் அதே நாளில பையில இருக்கிற காசை எண்ணி எழுதேக்குள்ள போடுற புள்ளி நூறாம் புள்ளி. ரெண்டும் ஒரே பேனையில, ஒரே கொப்பியில. கல்குலேட்டர் குடுத்தது நூறாம் புள்ளி, வாசிச்ச கண் டைம் டேபிள் கண். இதுக்கு கணக்குத் தெரியாது எண்டு சொல்றது சரியில்ல எண்டுதான் நான் சொல்றன்.

இன்னொண்டு. பிழையான விடைய அவன் சும்மா நம்பல, திருப்பிச் சரி பாத்தவன். காசு வேலையில இருக்கிற ஆக்கள் எப்பவும் திருப்பிப் பாப்பாங்க. 6.50ஐ 10ஆல பெருக்கினான், 65 எண்டு வந்தது. முடிஞ்சிது சந்தேகம். போகேக்குள்ள எந்தக் கதவால போனானோ அதே கதவால திரும்பி வந்து கதவு சரி எண்டு சொன்ன மாதிரி. உண்மையா 6 நிமிசம் 50 செக்கன் எண்டா 410 செக்கன், பத்து மடங்கு 4100 செக்கன், அது 68 நிமிசம் 20 செக்கன். பந்தயத்துக்கு மூண்டு நிமிசத்துக்கு மேல பிந்தி. ஆனா இதைக் கண்டுபிடிக்கணும் எண்டா ஒண்டு, 10 கிலோமீட்டரையும் ஓடிப் பாக்கணும், இல்லாட்டி செக்கனா மாத்தித் திரும்பப் பெருக்கணும். ரெண்டையும் அவன் செய்யல.

பின்மட்டையில ஒரு அட்டவணை

இத்தோட நிண்டிருந்தா சாதாரணப் பிழைதான், 68 நிமிசத்தில முடிச்சு புரியாணிக் காசைக் குடுத்திட்டுப் போயிருப்பான். ஆனா அவன் ஒழுங்கான ஆள். ஒவ்வொரு கிலோமீட்டரிலயும் மணிக்கூட்டில எவ்வளவு காட்டணும் எண்டு ஒரு அட்டவணை போட்டான், கல்லாறில எத்தின மணி, செட்டிபாளையத்தில எத்தின மணி எண்டு பஸ்ஸுக்கு இருக்கிற மாதிரி. கல்குலேட்டர்ல 6.50ஐ ஒண்டுக்குமேல ஒண்டாக் கூட்டினான். ஒண்டாவது 6.50, ரெண்டாவது 13.00, மூண்டாவது 19.50, நாலாவது 26.00, அஞ்சாவது 32.50, இப்படியே பத்தாவது 65.00. பாக்கிறதுக்கு வடிவான அட்டவணை. அதை ஓடப் போற நேரம் கையில பேனையால எழுதிக்கொண்டு வருவான்.

நான் அந்த எழுத்தைப் பாக்கல, விடிய இருட்டுக்குள்ளதான் ஓடுறது. எனக்குத் தெரிஞ்சது அவன்ட முறைப்பாடு மட்டும்தான். "அண்ணன், முதலாவது கிலோமீட்டர் சோக்காப் போகுது, ரெண்டாவதில காத்துப் போற மாதிரி இரிக்கி. மூண்டாவது திரும்ப நல்லம். நாலாவதில செத்துப் போறன்." இரட்டைக் கிலோமீட்டரில மட்டும் இளைக்குது. நாங்க ஓடுறது ரெண்டு கிலோமீட்டர் கட்டைக்கு நடுவுல, மட்டக்களப்புப் பக்கம் ஒரு கிலோமீட்டர் போய் கிறுகி கல்முனைப் பக்கம் ஒரு கிலோமீட்டர் வாறது. ஒற்றை எண்டா போறது, இரட்டை எண்டா வாறது. அது ஆடி மாசம், கச்சான் காத்து விடியக்காலமயும் கொஞ்சம் இருக்கும். காத்து முகத்தில அடிக்குது போல எண்டு அவன் சொன்னான், நானும் இருக்கும் எண்டன்.

ஆனா பக்கத்தில ஓடுற எனக்கு ஒரு விசயம் விளங்கல. திரும்பி வாறப்ப அவன் களைக்கிறது மட்டுமில்ல, கெதியா ஓடுறான். போகேக்குள்ள கதைச்சுக்கொண்டு வாறவன், பஸ்ஸில நடந்தது, டிரைவர் அண்ணன்ட பகிடி எல்லாம் முழு வசனமாச் சொல்லிக்கொண்டு வருவான். கிறுகின உடனே வாய் மூடிடும். ஏதும் கேட்டா "ம்", "ஓம்", அவ்வளவுதான். ஓட்டத்தில உடம்பு எங்க நிக்குது எண்டு அறிய இதை விடச் சுகமான வழி இல்ல. முழு வசனம் வந்தா தாங்கக்கூடிய வேகம், ரெண்டு மூண்டு சொல்லோட மூச்சு முறிஞ்சா எல்லைக்குக் கிட்ட, ஒரு சொல்லுதான் வருது எண்டா எல்லை தாண்டிட்டுது, அப்படிக் கன நேரம் போக ஏலாது. "ஏன்டா இழுக்கிறாய்" எண்டு கேட்டா, "நேரம் பிந்திட்டு அண்ணன், பிடிக்கணும்" எண்டு சொல்லுவான். பஸ்காரன் சொல்ற அதே வசனம்.

காத்தா இல்லையா எண்டு பாக்க ஒரு வேலை செய்தம். அடுத்த முறை மற்றக் கட்டையில இருந்து தொடங்கினம், அதாவது முதல்ல கல்முனைப் பக்கம் ஓடி, பிறகு மட்டக்களப்புப் பக்கம் திரும்புறது. காத்தோ ரோட்டு ஏத்தமோ காரணம் எண்டா இப்ப முதலாவது கிலோமீட்டர்தான் கஷ்டமா இருக்கணும். ஆனா அப்பவும் ரெண்டாவதுதான். நாலாவதுதான். திசைய மாத்தினாலும் நோவு மாறல, அது எண்ணிக்கையோடதான் ஒட்டிக்கொண்டு நிக்குது. அப்ப நோவு ரோட்டில இல்ல, காத்திலயும் இல்ல, எண்ணுற இடத்தில இருக்கு. அவ்வளவு தூரம் எனக்கு விளங்கிட்டு, அதுக்கு மேல விளங்கல. மணிக்கூடு பழுதோ எண்டு கூட யோசிச்சம்.

சாத்திரியார் கூட்டின கூட்டல்

எங்கட பஸ்ஸில ஒரு சாத்திரியார் வாறவர். நல்ல வயசு, கோயில் காரியங்களுக்கு நாள் பாத்துக் குடுக்கிறவர், சாதகம் எழுதுறவர், கையில மடிச்ச பஞ்சாங்கம் எப்பவும் இருக்கும். கொண்டக்டர் நிண்டுகொண்டு டிக்கட் கிழிக்கிற இடம் அவர்ட சீட்டுக்குப் பக்கத்தில, புத்தகத்தின்ட பின்மட்டை அவர்ட கண்ணுக்கு நேர. ஒரு நாள் ஆரையம்பதி தாண்டேக்குள்ள அவர் விரலால அந்த மட்டையைத் தொட்டு, "இது என்ன மனே, நாழிகையா எழுதியிருக்காய்" எண்டார். இவன் சிரிச்சுப்போட்டு, இல்ல ஐயா, ஓடுறதுக்கு, கிலோமீட்டருக்கு 6.50 எண்டான். அவர் கீழ பாத்தார். "அப்ப ரெண்டாவதில 13.40 எல்லோ வரணும். 13 எண்டு போட்டிருக்காய்."

இவன் திருப்பிப் பாத்தான். இல்ல ஐயா, ஐம்பதும் ஐம்பதும் நூறு, ஒண்டு ஏறும், 13. "அறுபதில ஏறும் மனே. நூறு எண்டா ஒரு அறுபது போய் நாப்பது மிச்சம்." அவருக்கு அது யோசிக்கிற விசயமே இல்ல. ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, பஞ்சாங்கத்தில திதியும் நட்சத்திரமும் அப்படித்தான் எழுதியிருக்கு, அவர் வாழ்நாள் முழுக்கக் கூட்டினது அறுபதில ஏறுற கூட்டல்தான். 6.50 எண்டு பாத்தா அவர்ட கண்ணுக்கு நூறு வரவே வராது. அதே இலக்கத்தை, அதே புள்ளிய, ஒரு சீட்டில இருந்து ஒருத்தர் ஒரு விதமா வாசிக்கிறார், பக்கத்தில நிக்கிறவன் வேற விதமா வாசிக்கிறான்.

நான் ரெண்டு சீட் பின்னால இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தன். 40 செக்கன் எண்டு சாத்திரியார் சொன்ன உடனே எனக்கு விடியக்கால ஓட்டம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால வந்திட்டு. மட்டையை வாங்கிப் பாத்தன். அட்டவணை சொல்றபடி ஓடினா, முதலாவது கிலோமீட்டருக்கு 6 நிமிசம் 50 செக்கன். ரெண்டாவது கட்டையில மணிக்கூடு 13:00 காட்டணும், அப்ப ரெண்டாவது கிலோமீட்டருக்கு மிச்சம் இருக்கிறது 6 நிமிசம் 10 செக்கன். மூண்டாவது கட்டையில 19:50, அதுக்குத் திரும்ப 6:50. நாலாவதில 26:00, அதுக்கு 6:10. அந்த வடிவான அட்டவணை அவனை ஒரு கிலோமீட்டர் ஆமையாகவும் அடுத்த கிலோமீட்டர் முயலாகவும் ஓட வச்சிருக்கு. கூட்டலில ஒவ்வொரு தரம் நூறு எண்டு ஏத்தேக்குள்ளயும் 40 செக்கன் காணாமப் போகுது. அந்தக் காணாமப் போன 40 செக்கனை அடுத்த கிலோமீட்டரில கால்தான் கட்டுது. காத்தில பிழையில்ல, காலிலயும் பிழையில்ல.

இதில என்னை இண்டைக்கும் விடாம அரிக்கிற ஒரு விசயம் இருக்கு. அந்த அட்டவணையில இரட்டைக் கட்டைகள் எல்லாம் சரி. 13:00, 26:00, 39:00, 52:00, 65:00, ஒழுங்கா 6:30 வேகத்தில ஓடுறவனும் அந்தந்த இடத்துக்கு அந்தந்த நேரத்துக்குத்தான் வருவான். பிழை முழுக்க ஒற்றைக் கட்டைகளில, ஒவ்வொண்டிலயும் 20 செக்கன் பிந்தி எழுதியிருக்கு. 6:30 வேகத்தில எண்டா முதலாவதில 6:30, மூண்டாவதில 19:30, அஞ்சாவதில 32:30 வந்திருக்கணும். அதாவது அவன் சுகமா கதைச்சுக்கொண்டு ஓடின கிலோமீட்டர்தான் பிழையான கிலோமீட்டர். வலிச்ச கிலோமீட்டரில அட்டவணை உண்மையைத்தான் சொன்னது. நாங்க ரெண்டு பேரும் வலிச்ச இடத்திலயே காரணத்தைத் தேடினம். முதலாவது கட்டையில மணிக்கூட்டுலயும் 6:50, மட்டையிலயும் 6.50, அச்சொட்டாப் பொருந்தினதால அந்த இடத்தை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

"அப்ப இரட்டையில நேரம் சரியா வந்தா 65க்கு முடிஞ்சிரும்தானே அண்ணன், பிறகென்ன" எண்டு அவன் கேட்டான். கேள்வி நியாயமானது, கணக்குப்படி முடியும்தான். ஆனா உடம்பு சராசரி பாக்கிறதில்ல. 6:30 அவனுக்கு ரெண்டு மூண்டு சொல்லு வாற வேகம், கஷ்டம்தான் ஆனா ஒரு மணித்தியாலம் தாங்கலாம். 6:10 அவன்ட எல்லைக்கு அங்கால. அங்க போன ஒவ்வொரு தரமும் காலில ஏறுற களைப்பு, அடுத்த கிலோமீட்டர மெதுவா ஓடினாலும் முழுசா இறங்காது, மிச்சத்தோடதான் அடுத்த இழுவைக்குப் போகணும். அஞ்சு கிலோமீட்டர் ஓடுற நாளில அப்படி ரெண்டு இழுவைதான், எப்படியோ சமாளிச்சிட்டான். பத்தில அஞ்சு இழுவை வரும், எட்டாவது கிலோமீட்டரில கட்டாயம் நடந்திருப்பான்.

65க்குப் பதிலா 67 எண்டிருந்தா

வீட்ட வந்து கொப்பியில போட்டுப் பாத்தன். டிரைவர் அண்ணன் 67 நிமிசம் எண்டு பந்தயம் கட்டியிருந்தா இந்தக் கதையே இல்ல. 67ஐ 10ஆல பிரிச்சா 6.7, மட்டையில 6.70 எண்டு எழுதியிருப்பான், மணிக்கூட்டில 6:70 எண்டு ஒரு நாளும் வராது, அந்த இடத்திலயே முழிச்சிருப்பான். புள்ளிக்குப் பின்னால 60ஓ அதுக்கு மேலயோ வந்தா அது நூறாம் புள்ளி எண்டு தானாக் காட்டிக் குடுத்திடும். 6.1, 6.2, 6.3, 6.4, 6.5 இந்த அஞ்சும்தான் ஒளிச்சிருக்கக் கூடியது. ஒளிச்சிருக்கிற பிழையும் ஒரே அளவில்ல. 6.1ஐ 10 செக்கன் எண்டு வாசிச்சா உண்மை 6 செக்கன், 4 செக்கன்தான் பிழை. ஒவ்வொரு பத்திலொண்டுக்கும் நாலு நாலாக் கூடி 6.5ல 20 செக்கனுக்கு வந்து நிக்குது. ஒளிக்கக் கூடியதில ஆகப் பெரிய பிழை எதுவோ, அதுதான் அவன்ட தலையில விழுந்தது. டைம் டேபிள் அப்படி.

திருத்துறது பெரிய வேலையில்ல. அவனுக்கு நான் சொன்னது ஒண்டுதான், பிரிக்கிறதுக்கு முதல் எல்லாத்தையும் செக்கனாக்கு. 65 நிமிசம் 3900 செக்கன், பத்தால பிரிச்சா 390, அதில 60 எத்தின தரம் போகும், ஆறு தரம், மிச்சம் 30. பஸ்ஸில மிச்சக்காசு குடுக்கிற அதே மூளை, ஆறு நோட்டும் முப்பது சில்லறையும். சயன்டிபிக் கல்குலேட்டரில பாகை, கலை, விகலைக்கு எண்டு ஒரு பட்டன் இருக்கு, ° ' " எண்டு அடிச்சிருக்கும், அதில 6, 50 எண்டு போட்டுப் பத்தால பெருக்கினா நேரா 68, 20 எண்டு காட்டும். என்ட மேசையில இருக்கிறதில செய்து காட்டினன். அவன் பாத்திட்டு, "இது சாத்திரியார்ட கல்குலேட்டர்" எண்டான்.

என்ட ஒபிசில ஓவர்டைம் எழுதுற தாளிலயும் இந்தப் புள்ளி செய்யிற கூத்தை நான் வருசக்கணக்காப் பாக்கிறன். ஒருத்தர் ஒண்டரை மணித்தியாலத்தை 1.30 எண்டு எழுதுவார், மற்றவர் 1.5 எண்டு எழுதுவார், கீழ கூட்டுறவர் ரெண்டையும் சேத்து 2.80 எண்டு போடுவார். மூண்டு மணித்தியாலம் வேலை செய்த காசு 2.80க்குக் குறைஞ்சு போகும். அங்க படிச்ச ஆக்கள்தான் இருக்கிறாங்க, ஒருத்தரும் அவங்களப் பாத்துச் சிரிக்கிறதில்ல.

கல்லடியில

புது அட்டவணையோட மிச்ச நாளெல்லாம் ஓடினான். முதல்ல முதலாவது கிலோமீட்டர்தான் பயம் குடுத்தது, 6:50ல சுகமாத் தொடங்கிப் பழகின கால், 6:30ல தொடங்கினா கெதியாப் போறமோ எண்டு தயங்கும். ஆனா ரெண்டாவதில கிறுகேக்குள்ள வாய் மூடல, மூண்டு நாலு சொல்லு வந்துகொண்டே இருந்தது. காத்துப் பத்தின கதை அதோட நிண்டு போயிட்டு.

ஓட்டம் அண்டைக்குக் கல்லடியில தொடங்கி, புதுப் பாலத்தால புளியந்தீவுக்குப் போய் டவுனைச் சுத்தி, திரும்பப் பாலத்தால வந்து கல்லடியிலயே முடியிறது. 2013ல திறந்த பெரிய பாலம் அது, பக்கத்தில 1924ல கட்டின பழைய மெனிங் பாலம். பஸ்ஸில போகேக்குள்ள புதுப் பாலத்தில ஏத்தம் இருக்கிறதே தெரியாது, ஒம்பதாவது கிலோமீட்டரில ஓடி வாறவனுக்கு நல்லாத் தெரியும். சனம் முன்னுக்கு நெருங்கி நிண்டதால இவன் கடைசி வரிசையில, கோட்டைத் தாண்டின உடனேதான் மணிக்கூட்ட அமத்தினான். அஞ்சாவதில 32:20, அட்டவணைய விட 10 செக்கன் முன்னுக்கு. எட்டாவதில 51:55. பாலம் ஏறி இறங்கின ஒம்பதாவது கிலோமீட்டர் 6:47, அங்கதான் போனது. கடைசிக் கிலோமீட்டர ஒரு சொல்லும் வராம ஓடி வந்து மணிக்கூட்ட நிப்பாட்டினான், 65:14.

கழகத்துப் பொடியன்கள் பிறகு பெறுபேறு எழுதின தாளை ஒட்டினாங்க. அதில இவன்ட இலக்கத்துக்கு நேர 65.20 எண்டு போட்டிருந்தது. பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் மீட்டில நேரம் எழுதுற ஆக்களுக்குத் தெரியும், 1500 மீட்டருக்கு 4.35.2 எண்டு எழுதுவாங்க, முதல் புள்ளி அறுபதுக்கு, ரெண்டாவது புள்ளி பத்துக்கு. ஒரே வரியில ரெண்டு சாதிப் புள்ளி. டிரைவர் அண்ணன் தாளைப் பாத்து இருபது செக்கன் பிந்தி எண்டு சொல்ல வாயத் திறந்தார், இவன் கையைக் காட்டி நிப்பாட்டினான். மூச்சு இன்னும் வாங்குது. "பொறுங்க அண்ணன். இது நூறாம் புள்ளி எண்டா 65.20 எண்டது 65 நிமிசம் 12 செக்கன். என்ட மணிக்கூட்டில 14. அவங்க துவக்குச் சத்தத்தில இருந்து எண்ணினது, நான் கோட்டைத் தாண்டித்தான் அமத்தினன், அப்ப அவங்கட நேரம் என்ட நேரத்த விடக் குறைய வர ஏலாது. அப்ப இது அறுபதாம் புள்ளிதான். இருபது செக்கன். சரி."

டிரைவர் அண்ணன் கொஞ்ச நேரம் அவனைப் பாத்தார். "எந்தப் புள்ளியா இருந்தாலும் 65 தாண்டிட்டுதானே" எண்டார். ஓம் எண்டான். பின்னேரம் காத்தான்குடியில சாத்திரியார விட்டு மிச்ச எல்லாரும் சாப்பிட்டம், அவர் மரக்கறி எண்டபடியால அவருக்கு ஒரு பிளேன்டியும் வடையும். பில் வந்தது, கொண்டக்டர் அதை வாங்கித் திரும்ப ஒருக்காக் கூட்டிப் பாத்திட்டு, முதலாளி நாப்பது ரூபாய் கூடப் போட்டிருக்கார் எண்டு கழிச்சுத்தான் குடுத்தான்.